விறகின் தகுதியும் வெந்நீரின் தேவையும்

திருப்பூர், ஈரோடு வட்டாரத்துச் சாயப்பட்டறைகள் பலவற்றில் முதலில் கண்ணிற் படுவது விறகு. லாரியில் வந்திறங்கிய கட்டைகள் கொதிகலனுக்கு அருகே ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். எரிகூடத்தின் கதவைத் திறந்தால் முகம் கொடுத்து நிற்க முடியாது. உள்ளே கனலும் சுடர்வாயுவும் 1000 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் இரைந்துகொண்டிருக்கும். அங்கிருந்து ஐம்பதடி தள்ளி, அந்தக் கனல் எதற்காக மூட்டப்பட்டதோ அந்த நீர் இருக்கிறது. பருத்திப் பின்னலாடைத் துணிக்குச் சாயமேற்றும் அந்த நீருக்கு வேண்டிய வெப்பநிலை பெரும்பாலும் 60 பாகை. சில சாயவகைகளுக்கும் வெந்நீர்க் கழுவலுக்கும் 80 பாகை. இந்த இரண்டு வெப்பநிலைகளுக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தில் நாள்தோறும் விழுந்து மறையும் செல்வத்தைப் பற்றியதே இத்தலையங்கம்.

இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். விறகின் வெப்பம் நீருக்குச் சேருகிறது. கொதிகலனின் திறன் நூற்றுக்கு 70 என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். மீதி 30 புகையோடும், சுவர்வழிக் கசிவோடும், எரியாத கரியோடும் போகிறது. அதைக் குறைக்கவும் முயன்று வருகிறார்கள். கணக்கேட்டைப் புரட்டுகிறவர்க்கு இது நேரிய கணக்காகவே தோன்றும். ஆற்றலை ஆக்கவும் அழிக்கவும் இயலாது என்னும் முதல் விதியின்படி இதில் ஒரு பிழையும் இல்லை. ஆயினும் இந்தக் கணக்கு ஒரு கேள்வியை அடியோடு விட்டுவிட்டது. எந்த வெப்பம், எந்த வெப்பநிலையில் என்பதே அந்தக் கேள்வி. ஓர் அண்டா நிறைய இளஞ்சூட்டு நீரிலும் ஒரு கை விறகிலும் ஒரே அளவு வெப்பம் அடங்கியிருக்கலாம். ஆனால் விறகைக் கொண்டு ஒரு பொறியை ஓட்டலாம். இளஞ்சூட்டு நீரைக் கொண்டு ஏறத்தாழ ஒன்றும் ஓட்ட முடியாது. அளவு ஒன்று, தகுதி வேறு.

இந்தத் தகுதிக்கு முதன்முதலில் எல்லை வகுத்தவர் சாதி கார்னோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். 1824-இல் வெளிவந்த அவருடைய சிறுநூல், வெப்பத்திலிருந்து பெறக்கூடிய வேலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டென்றும், அது வெப்பநிலைகளை மட்டுமே பொறுத்ததென்றும் காட்டியது. அருவியின் வேலை நீரின் அளவோடு அது விழும் உயரத்தையும் பொறுத்தது போல, வெப்பத்தின் வேலை அதன் அளவோடு வெப்பநிலையின் இறக்கத்தையும் பொறுத்தது. ஒரு பொருளிலோ வெப்பத்திலோ அடங்கிய ஆற்றலில், அதைச் சுற்றுப்புறத்தின் நிலைக்கு இறக்கும்போது அதிகபட்சமாக எவ்வளவு வேலையாக மாற்றிக்கொள்ள முடியுமோ, அந்தப் பகுதிக்கு 1956-இல் சோரான் ராண்ட் என்னும் அறிஞர் எக்செர்ஜி என்று பெயர் சூட்டினார். தமிழில் அதை வேலைத்தகுதி என்று சொல்லலாம். இங்கே அச்சொல்லையே ஆள்கிறோம்.

ஆற்றலுக்கு இல்லாத ஒரு குணம் வேலைத்தகுதிக்கு உண்டு. அது அழியும். அழிந்தது எங்கும் போய்ச் சேர்வதில்லை. புகையாகவோ சாம்பலாகவோ அதைத் தேடிப் பிடிக்கவும் முடியாது. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் தானே பாயும்போதும், உயர்ந்த அழுத்தம் வேலை எதையும் செய்யாமல் தாழும்போதும், வெந்நீர் தண்ணீரோடு கலக்கும்போதும், எரிபொருள் காற்றோடு கூடி எரியும்போதும் அது அழிகிறது. இவை அனைத்தும் தாமாகத் திரும்பி நடக்காத செயல்கள். 80 பாகை நீர் தானே 30 பாகைக்கு ஆறும். ஆறிய நீர் சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை ஈர்த்துத் தானே 80-க்கு ஏறியதை எவரும் கண்டதில்லை. இத்தன்மையையே இயற்பியலார் மீளாமை என்கிறார்கள். 1889-இல் லூயி ஜார்ஜ் கூயியும், பின்னர் சூரிச்சில் பேராசிரியராக இருந்த ஔரெல் ஸ்டோடொலாவும் மீளாமைக்கு விலை மதிப்பிட்டார்கள். ஒரு செயலில் புதிதாகத் தோன்றிய என்ட்ரோபியைச் சுற்றுப்புறத்தின் தனிவெப்பநிலையால் பெருக்கினால் கிடைப்பது, அச்செயலில் அழிந்த வேலை. அந்த அழிவை எந்தப் பொறியும் பின்னால் மீட்டுத் தராது.

இனி, ஒரு தொட்டி நீரை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

1000 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 80 பாகைக்கு உயர்த்த வேண்டும் என்று கொள்வோம். சுற்றுப்புறமும் 30 பாகையே. கொங்கு நாட்டுக்கு இது பொருந்தும். இதற்கு வேண்டிய வெப்பம் 58 யூனிட். வீட்டு மின்கணக்கில் வரும் அதே யூனிட்டையே வெப்பத்துக்கும் அளவாகக் கொள்கிறோம். ஒப்பிட எளிதாக இருக்கும். கொதிகலனின் திறன் 70 விழுக்காடு என்றால், எரிபொருளில் 83 யூனிட் இருக்க வேண்டும். கிலோவுக்கு ஏறத்தாழ 3600 கிலோ கலோரி தரும் உலர்ந்த விறகாயின், அது 20 கிலோ.

அந்த 80 பாகை நீருக்கு உள்ள வேலைத்தகுதி எவ்வளவு? இந்நீரை வெப்பமூட்டியாகக் கொண்டு, குறையே இல்லாத ஒரு பொறியை ஓட்டுவதாக எண்ணிக்கொள்ளலாம். தொடக்கத்தில் நீருக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு 50 பாகை. ஓட ஓட நீர் ஆறிக்கொண்டே வரும். இறுதியில் வேறுபாடு ஒன்றுமில்லாமல் போகும். இந்த இறக்கம் முழுவதையும் கூட்டினால் கிடைக்கும் வேலை 4.3 யூனிட். 58 யூனிட் வெப்பத்துள் வேலைத்தகுதி உடையது 4.3 மட்டுமே, நூற்றுக்கு ஏழரைக்கும் குறைவு.

விறகின் நிலை இதற்கு நேர்மாறானது. எரிபொருளில் வேதிப் பிணைப்பாக அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ முழுவதுமே வேலைத்தகுதி உடையது. ஆகவே 83 யூனிட் வேலைத்தகுதியைக் கொடுத்து 4.3 யூனிட் வேலைத்தகுதியை வாங்கியிருக்கிறோம். கணக்கேட்டில் 70 என்று எழுதப்பட்ட திறன், இந்தத் தராசில் நிறுத்தால் 5.

ஐந்து என்ற இந்த எண் சாயப்பட்டறைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க இயற்பியல் கழகம் 1974-இல் கூட்டிய ஆய்வுக்குழு, அந்நாட்டு வீடுகளில் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்து நீரைச் சூடாக்குவதற்கும் அறைகளை வெதுவெதுப்பாக்குவதற்கும் இதே முறையில் திறன் கண்டது. அங்கும் ஒற்றை இலக்கமே வந்தது. அந்த அடுப்புகள் வழக்கமான கணக்கில் 60, 70 என்று திறன் காட்டியவை.

மீதி 78 யூனிட்டுக்கும் மேலான வேலைத்தகுதி எங்கே அழிந்தது என்பதைப் படிப்படியாகக் காண வேண்டும். ஏனெனில் நம் பட்டறைகளில் நடக்கும் சீர்திருத்தமெல்லாம் தவறான படியில் நின்றுகொண்டிருக்கிறது.

முதற்படி எரிதலே. விறகின் வேதியாற்றல் சுடர்வாயுவின் வெப்பமாகிறது. தேவைக்கு மிஞ்சிய காற்றும் விறகின் ஈரமும் சேர்ந்து சுடரைக் குளிர்விப்பதால், வாயுவின் வெப்பநிலை 1200 பாகை அளவில் நிற்கிறது என்று கொள்வோம். அந்த வாயுவில் வெப்பம் 83 யூனிட்டும் இருக்கிறது; ஒன்றும் வெளியே போகவில்லை. ஆனால் வேலைத்தகுதி 49 ஆகிவிட்டது. பற்றிக்கொண்ட கணத்திலேயே 34 யூனிட் மறைந்தது. காற்றை அளவோடு விட்டு, விறகை உலர்த்தி, உள்ளே வரும் காற்றைப் புகையின் சூட்டால் முன்கூட்டியே வெப்பப்படுத்தினால் இதில் ஒரு பகுதியைக் காக்கலாம். முழுவதும் காக்க முடியாது. தீ என்பதே மீளாச் செயல்.

இரண்டாம் படி கொதிகலனின் குழாய்ச் சுவர். ஒருபுறம் 1200 பாகையிலிருந்து இறங்கிவரும் வாயு. மறுபுறம் 170 பாகையில் கொதிக்கும் நீர். நம் பட்டறைகளில் வழக்கமாகக் காணும் ஏழு, எட்டு பார் அழுத்தத்துக்கு உரிய கொதிநிலை அது. நீராவியாகச் சேர்ந்த 58 யூனிட் வெப்பத்தின் வேலைத்தகுதி 17-க்குச் சற்றுக் குறைவு. எல்லாரும் குறை சொல்லும் புகைபோக்கியில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். 200 பாகையில் வெளியேறும் அப்புகையோடு போகும் வேலைத்தகுதி மூன்று அல்லது நான்கு யூனிட்டே. இந்தப் படியில் குறைந்த 32 யூனிட்டில் புகை கொண்டுபோனது அவ்வளவுதான். சுவர்வழிக் கசிவும் எரியாத கரியும் இன்னும் சில யூனிட் கொண்டுபோகலாம். எஞ்சிய பெரும்பகுதி, அந்த மெல்லிய இரும்புச் சுவரைக் கடந்து உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்த வெப்பநிலைக்கு விழுந்ததிலேயே அழிந்தது.

தணிக்கைக்கு வருவோர் முதலில் கருவியைச் செருகுவது புகைபோக்கியில். அது தேவையற்றது என்று சொல்லமாட்டோம். விறகைச் சேமிக்க அதுவும் ஒரு வழி. ஆனால் பெருங்கொள்ளை நடப்பது எரிகூடத்திலும் குழாய்ச் சுவரிலும். அங்கே புகை இல்லை, கசிவு இல்லை, சூட்டைக் காட்டும் மானியில் குறையும் இல்லை. வெப்பத்தின் அளவை மட்டும் எண்ணுகிற எந்தக் கருவிக்கும் அக்கொள்ளை புலப்படாது.

மூன்றாம் படியில் 170 பாகை நீராவி, 30-இலிருந்து 80-க்கு ஏறும் நீரைச் சந்திக்கிறது. 17 யூனிட் இங்கே 4.3 ஆகிறது. பல பட்டறைகளில் இதற்கு முன்பே இன்னொரு சிறு இழப்பும் உண்டு. கொதிகலனில் 10 பார் அழுத்தத்தில் நீராவி ஆக்கி, இயந்திரத்தின் வாயிலில் ஒரு வால்வின் வழியே 3 பாருக்குக் குறைப்பார்கள். வால்வின் முன்னும் பின்னும் வெப்பத்தின் அளவு ஒன்றே. ஆகவே அதை எவரும் இழப்பாகக் கருதுவதில்லை. ஒரு டன் நீராவி இப்படிக் கடக்கும்போது 35 யூனிட்டுக்கு மேல் வேலைத்தகுதி அந்த வால்வின் இரைச்சலில் அழிகிறது. அந்த இடத்தில் ஒரு சிறு சுழலி இருந்திருந்தால், அதில் பாதியையாவது மின்சாரமாகப் பெற்றிருக்கலாம்.

கடைசிப் படியை நேரில் நின்று காண்பது நல்லது. கழுவல் முடிந்ததும் இயந்திரத்தின் அடிவால்வைத் திறக்கிறார்கள். நிறமேறிய நீர் ஆவி பறக்க வடிகாலில் பாய்கிறது. கைவைக்க முடியாது, 70 பாகைக்குக் குறையாது. அதே வாய்க்காலில் அடுத்த இயந்திரத்தின் குளிர்ந்த அலசல் நீரும் வந்து விழுகிறது. பத்தடி போவதற்குள் ஆவி நின்றுவிடுகிறது. கட்டடத்தின் மறுகோடியில் அந்நேரமே மற்றோர் இயந்திரத்துக்கு 30 பாகையில் புதுநீர் ஏறுகிறது. அதைச் சூடாக்க ஃபயர்மேன் இன்னும் நான்கு கட்டைகளை உள்ளே தள்ளுகிறார்.

வாய்க்காலில் நடந்த அந்தக் கலப்பையும் எண்ணால் காட்ட முடியும். 70 பாகையில் 1000 லிட்டர் கழிவுநீருக்கு 2.8 யூனிட் வேலைத்தகுதி உண்டு. அது 30 பாகையில் உள்ள 3000 லிட்டரோடு கலந்து 40 பாகை நீர் 4000 லிட்டர் ஆகிறது. ஒரு துளி வெப்பமும் வெளியேறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கலந்த நீரின் வேலைத்தகுதி 0.75 யூனிட். நான்கில் மூன்று பங்குக்கு அருகே அழிந்தது. இதைப் பொறியியல் கல்லாதவரும் வேறுவகையில் உணர்வார்: கலக்காத 70 பாகை நீரைக் கொண்டு புதுநீரை 60 பாகைக்குச் சூடேற்றலாம், கலந்த 40 பாகை நீரைக் கொண்டு 40-ஐத் தாண்டவே முடியாது. வெப்பம் அங்கேயே இருக்கிறது, பயன் போய்விட்டது. வேலைத்தகுதி என்னும் கருத்து முழுவதும் அந்த வாய்க்காலில் அடங்கியிருக்கிறது.

இங்கே எழும் ஒரு மறுப்புக்கு விடை சொல்ல வேண்டும். எங்களுக்கு வேண்டியது வெந்நீர். வேலை எதற்கு, பொறியா ஓட்டப்போகிறோம் என்று பட்டறை உரிமையாளர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. வேலையைக் கொண்டு வெப்பத்தை ஏற்றலாம் என்பதே விடை. சுற்றுப்புறத்துக் காற்றிலும் நீரிலும் எல்லையற்ற வெப்பம் 30 பாகையில் கிடக்கிறது. அதை 80-க்கு ஏற்றிவிட வேலை வேண்டும். குறையற்ற வெப்ப எக்கி ஒன்று இருந்தால், 4.3 யூனிட் வேலையைச் செலவிட்டு 58 யூனிட் வெப்பத்தை நீரில் சேர்த்துவிடும். இதை வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, 1852-இலேயே எடுத்துக்காட்டினார். கட்டடங்களை வெதுவெதுப்பாக்க எரிபொருளை நேரே எரிப்பதைவிட, அதனால் பொறி ஒன்றை ஓட்டி வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே ஏற்றுவது சிக்கனம் என்பது அவர் வாதம். ஆகவே 83 யூனிட் விறகை எரிப்பவர், 4.3 போதும் என்ற இடத்தில் 83-ஐக் கொடுக்கிறார்.

குறையற்ற எக்கி உலகில் இல்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். மீளத்தக்க முறையில் நடக்கும் செயலுக்கு முடிவில்லாத நேரமும் முடிவில்லாத பரப்பும் வேண்டும். பட்டறைக்கு இரண்டும் இல்லை. 30 பாகைக் காற்றிலிருந்து 80 பாகை நீர் ஆக்கும் இன்றைய எக்கிகள், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவில் வெப்பம் தரும் என்று கொள்ளலாம். அப்படியாயின் 58-க்கு 19 யூனிட் மின்சாரம் வேண்டும். அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமானால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் எரிபொருள், ஆக 57. விறகின் 83-ஐவிட இது குறைவுதான். ஆனால் புரட்சி என்று கொண்டாடும் அளவுக்குக் குறைவன்று. காற்றாலையிலிருந்தும் சூரியத் தகடுகளிலிருந்தும் மின்சாரம் வரும்போது இக்கணக்கு மாறும். அதே மின்சாரத்தை எக்கி இல்லாமல் வெப்பச்சுருளில் செலுத்தி நீரைக் காய்ச்சினால், 58 யூனிட் மின்சாரத்துக்கு மின்நிலையத்தில் 174 யூனிட் எரிபொருள் செலவாகும். வேலைத்தகுதியை அழிப்பதில் விறகடுப்பையும் மிஞ்சுவது அதுவே. நம் வீட்டுக் குளியலறைகளில் தொங்கும் மின்கீசர்கள் அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை.

எனவே முதலில் செய்ய வேண்டியது புதிய பொறி வாங்குவதன்று, வடிகாலைப் பிரிப்பது. சூடான கழிவுநீருக்குத் தனிக் குழாய், தனித் தொட்டி. அதிலிருந்து ஒரு வெப்பப் பரிமாற்றியின் வழியே கழிவுநீர் ஒருபுறமும் புதுநீர் எதிர்ப்புறமுமாக ஓட வேண்டும். 70 பாகையில் நுழையும் கழிவுநீர் 40-இல் வெளியேறும்; 30-இல் நுழையும் புதுநீர் 60-இல் வெளியேறும். இரண்டுக்கும் இடையே எங்கும் வேறுபாடு 10 பாகைதான். அதனால் மீளாமையும் சிறிது. இனி விறகு தர வேண்டியது 60-க்கும் 80-க்கும் இடையேயுள்ள 20 பாகையை மட்டும். 20 கிலோ விறகு 8 கிலோ ஆகிறது. வேலைத்தகுதிக் கணக்கில் 5 விழுக்காட்டுத் திறன் 13 ஆகிறது. அந்த மேல் 20 பாகையையும் வெப்ப எக்கியிடம் விட்டால், ஏழோ எட்டோ யூனிட் மின்சாரம் போதும். நிலக்கரி மின்சாரமே ஆனாலும், முன்பு 83 யூனிட் எரிபொருள் கேட்ட வேலை 24-க்குள் முடிந்துவிடும்.

இதிலும் இடர்கள் உண்டு. அவற்றை மறைத்துப் பரிந்துரைப்பது தகாது. கழிவுநீரில் துணியின் நுண்பஞ்சு மிதந்து வரும். தட்டுவகைப் பரிமாற்றியின் இடுக்குகளில் அது படிந்து சில நாள்களில் வழியை அடைத்துவிடும். உப்பும் காரமும் உலோகத்தை அரிக்கும். அடைப்பு ஏற்பட்டதற்கு அடையாளம் எளிது: வெளியேறும் புதுநீரின் வெப்பநிலை 60-இலிருந்து 55, 50 என்று இறங்கும், உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வேறுபாடு ஏறும். இரண்டு வெப்பமானிகளையும் ஓர் அழுத்தமானியையும் நாள்தோறும் பார்த்து எழுதினால் போதும். எழுதாத பட்டறைகளில் பரிமாற்றி ஒரே ஆண்டில் பழைய இரும்பாகிறது. பிறகு அம்முறையே பயனற்றது என்ற பெயர் பரவுகிறது. நேரப்பொருத்தமும் ஒரு சிக்கல். ஓர் இயந்திரம் சூடுநீரை விடும் வேளையில் மற்றொன்று புதுநீரைக் கேட்பதில்லை. அதற்காகவே நன்றாக மூடிக் காப்பிடப்பட்ட தொட்டி வேண்டும்.

எரிபொருளை எரித்தே ஆக வேண்டிய இடங்களும் உள்ளன. அங்கே வெப்பத்தை உச்சியிலிருந்து பள்ளத்துக்கு ஒரே பாய்ச்சலில் தள்ளாமல், படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு பயன் கொள்வதே முறை. தமிழகத்துச் சர்க்கரை ஆலைகள் பல இதைச் செய்துவருகின்றன. கரும்புச் சக்கையை எரித்து உயர் அழுத்தத்தில் நீராவி ஆக்குகிறார்கள். அது முதலில் சுழலியைச் சுற்றி மின்சாரம் தருகிறது. வேலைத்தகுதியில் பெரும்பகுதியை அங்கே ஒப்படைத்துவிட்டு, தாழ்ந்த அழுத்தத்தில் வெளிவரும் நீராவிதான் சாற்றைக் காய்ச்சுகிறது. சாற்றைக் காய்ச்ச அதற்கு மேற்பட்ட தகுதி தேவையில்லை. சிறு சாயப்பட்டறை ஒன்று தனியாக இதைச் செய்வது கடினம். சுழலியின் விலையும் பராமரிப்பும் அதன் தாங்கு சக்திக்கு மிஞ்சியவை. ஆனால் பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தக் கற்றுக்கொண்ட ஊரில், பொது நீராவி நிலையம் ஒன்று ஆகாத காரியம் என்று நாம் கருதவில்லை.

சுத்திகரிப்பு நிலையம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நொய்யலைக் காக்கும் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்செய்த பிறகு, கழிவை ஆற்றில் விடாத முறை கட்டாயமாக வேரூன்றியது. சவ்வூடு வடிகட்டிய பின் எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். ஒரு கன மீட்டர் நீரை ஒரே கலத்தில் ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆறு பிழைக்க மரம் எரிகிறது. பல கலங்களைத் தொடுத்து, ஒன்றின் ஆவியால் அடுத்ததைக் காய்ச்சினால் இது பல மடங்கு குறையும். அதனினும் நல்வழி, எழும் ஆவியையே அழுத்தி, அதன் வெப்பநிலையைச் சில பாகை உயர்த்தி, அதைக்கொண்டே அந்நீரைக் காய்ச்சுவது. அதற்கு வேண்டியது சில பத்து யூனிட் மின்சாரம் மட்டும்.

இது நேற்று வந்த புதுமையன்று. ஆஸ்திரியாவின் எபென்சே உப்பாலையில் 1850-களில் பீட்டர் ரிட்டிங்கர் என்னும் பொறியாளர் இதைச் செய்துபார்த்தார். உப்புநீரைக் காய்ச்ச அங்கே விறகே எரிந்துகொண்டிருந்தது. நீர்விசையால் ஓர் அழுத்தியை இயக்கி, ஆவியை அழுத்தி மீண்டும் அடுப்பாக்கினார் அவர். உப்பு கலத்தில் படிந்து உறைந்தது அவருக்குப் பெருந்தொல்லையாயிற்று. இன்றும் அத்தொல்லை தீரவில்லை: உப்பு மிகமிக நீரின் கொதிநிலை ஏறும், ஆவியை மேலும் அழுத்த வேண்டியிருக்கும், படிவு தடிக்கும். ஆகவே கடைசிச் சொட்டு வரை இம்முறையால் வற்றவைக்க இயலாது. இறுதிக் கட்டத்துக்கு நீராவியே வேண்டும். ஆனால் பெரும்பகுதி நீரை இம்முறையில் எடுத்துவிடலாம். திருப்பூர்ப் பகுதியிலும் இது வந்திருக்கிறது. இன்னும் வராத நிலையங்கள் விறகு விலையை நொந்துகொள்வதில் பயனில்லை.

வெயிலில் வைத்த அண்டா நீரில் குழந்தையைக் குளிப்பாட்டிய தாய்மார்கள், 40 பாகை தேவைக்கு 40 பாகை மூலத்தைத் தேர்ந்தவர்கள். அவர்கள் செய்தது கட்டணமில்லாச் சிக்கனம் என்று மட்டும் எண்ணுவது குறைமதிப்பு. தேவையின் வெப்பநிலைக்கு அருகில் உள்ள மூலத்தை நாடுவதே இத்துறையின் முழு இலக்கணம். 60 பாகை நீருக்குக் கூரைமேல் உள்ள சூரிய வெப்பத்தகடு எளிதில் போதும். கொங்கு நாட்டு வெயில் ஆண்டில் பெரும்பகுதி நாள்களில் அதற்கு ஈடுகொடுக்கும். இரவுப் பணிக்கும் மழைநாளுக்கும் கொதிகலன் துணையாக நிற்கட்டும்.

இத்தனையும் தெரிந்திருந்தும் ஏன் நடக்கவில்லை என்பதற்கு, நம் கணக்குமுறையே முதற் காரணம் என்பது நம் துணிபு. ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்தது. தணிக்கைகள் நடக்கின்றன. அவ்வறிக்கைகளில் ஒரு யூனிட் மின்சாரத்தை 860 கிலோ கலோரி என்று மாற்றி விறகோடும் நிலக்கரியோடும் கூட்டி, ஒரு கிலோ துணிக்கு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். மாற்று எண் சரியானதே. ஆனால் முழுத் தகுதியுள்ள மின்சாரமும், நூற்றுக்கு ஏழரைப் பங்குகூடத் தகுதியில்லாத வெந்நீரும் ஒரே பத்தியில் ஒரே மதிப்போடு கூட்டப்படுகின்றன. பொன்னையும் பித்தளையையும் ஒரே தட்டில் நிறுத்து மொத்த எடையை எழுதுவதற்கு இது நிகர். அந்தக் கூட்டலில் வடிகாலின் கலப்பு தெரியாது. வால்வின் அழிவு தெரியாது. எரிகூடத்துப் பெருங்கொள்ளை தெரியவே தெரியாது. தெரியாத இழப்பைக் குறைக்க எவரும் பணம் போடமாட்டார்.

புதிய பல்கலைக்கழகமோ பெருந்திட்டமோ நாம் கேட்கவில்லை. தணிக்கைப் படிவத்தில் வெப்பத்தின் அளவை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் சேர்க்கப்பட வேண்டும்: அவ்வெப்பம் எந்த வெப்பநிலையில் தரப்பட்டது, எந்த வெப்பநிலையில் தேவைப்பட்டது. அவ்விரு எண்களும் இருந்தால் வேலைத்தகுதியைக் கணக்கிட ஒரு பள்ளி மாணவனுக்குத் தெரிந்த மடக்கை போதும். 100 பாகைக்குக் கீழ்ப்பட்ட தேவைக்கு எரிபொருளை நேரே எரிக்கும் புதிய ஆலைக்கு உரிமம் தருமுன், சூடான கழிவுநீருக்குத் தனி வடிகால் வரைபடத்தில் இருக்கிறதா என்று அரசு கேட்க வேண்டும். தனிக் குழாய் இடுவதற்கு ஏற்ற காலம் தளம் பாவுவதற்கு முன். பாவிய பின் அதை உடைத்து இடுவார் இல்லை. தொழில்துறை அமைச்சகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இவ்விரண்டையும் இவ்வாண்டே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.